நிமிடத்துக்குக் கால் கிலோ காற்று

விமானம் புறப்படுவதற்குச் சற்று முன்னால் உள்ளே ஒரு சின்ன மாற்றம் நடக்கும். பயணிகள் ஏறும் வாசலைவிட்டு விமானத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். அதுவரை தலைக்கு மேல் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று நின்றுவிடும். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ புழுக்கம். கைக்குக் கிடைத்த பாதுகாப்பு அட்டையை எடுத்துச் சிலர் விசிறிக்கொள்வார்கள். எஞ்சினின் உறுமல் எழுந்து நிலைப்பட்டதும் காற்று திரும்பி வரும்.

ஏசி கெட்டுப்போய்ச் சரியானது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நடந்தது வேறு. விமானத்தின் வால் பகுதியில் ஒரு சிறிய துணை எஞ்சின் உண்டு. தரையில் நிற்கும்போது அது தரும் அழுத்தக் காற்றுதான் கேபினைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. இறக்கையின் கீழ் இருக்கும் பெரிய எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவதற்கும் அதே அழுத்தக் காற்றுதான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போதாது என்பதால், கிளப்பும் வரை கேபினுக்குப் போகும் வழியை அடைத்துவைக்கிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றும் எஞ்சினைக் கிளப்பும் காற்றும் ஒரே குழாய்களில் வருகின்றன என்பது பயணிக்கு உறைக்கக்கூடிய ஒரே தருணம் இதுதான்.

நீண்ட பயணத்தில் நம்மோடு வருவது தரையில் அடைத்துக்கொண்டு வந்த காற்றுதான், அதையே பதினைந்து மணி நேரம் முந்நூறு பேர் மாற்றி மாற்றிச் சுவாசிக்கிறார்கள் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 0.55 பவுண்டு, அதாவது சுமார் கால் கிலோ வெளிக்காற்று வரும்படி விமானத்தை வடிவமைக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் விதி. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் ஒரு போயிங் 777-ஐ எடுத்துக்கொள்வோம். ஊழியர்களையும் சேர்த்து உள்ளே 300 பேர். நிமிடத்துக்கு 75 கிலோ, மணிக்கு நாலரை டன். பதினைந்து மணி நேரப் பயணத்தில் ஏறக்குறைய 67 டன் புதுக் காற்று உள்ளே வந்து, அதே அளவு வெளியே போயிருக்கும். தரையில் அடைத்த காற்று வானில் ஏறிய சிறிது நேரத்திலேயே போய்விடுகிறது.

கேபின் அழுத்தத்தில் கால் கிலோ காற்று என்பது சுமார் 280 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு உள்ளிழுப்பதோ ஆறு முதல் எட்டு லிட்டர். பிறகு ஏன் நாற்பது மடங்கு? ஆக்சிஜனுக்காக இல்லை. அந்த 280 லிட்டரில் 58 லிட்டருக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. உடல் எடுத்துக்கொள்வது அதில் கால் லிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பயணிகள் தூங்கட்டும் என்று விமானிகள் ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். இவ்வளவு காற்று தேவைப்படுவது வெளியேற்றுவதற்காக. உடல்களின் வெப்பம், நெடி, மூச்சில் வரும் கரியமில வாயு ஆகியவற்றை ஓயாமல் அள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 0.3 லிட்டர் கரியமில வாயுவை விடுகிறார் என்று கொண்டால், 280 லிட்டரில் அது பத்து லட்சத்தில் ஆயிரத்துச் சொச்சம் பங்கு. வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் நானூற்றுச் சொச்சத்தைச் சேர்த்தால் 1,500 அளவில் வந்து நிற்கும். விதி அனுமதிக்கும் உச்சம் 5,000. 1996 வரை அந்த உச்சம் 30,000 ஆக இருந்தது!

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? 35,000 அடி உயரத்தில் வெளியே வெப்பநிலை மைனஸ் 54 டிகிரி. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குக்கும் குறைவு. ஜன்னலைத் திறந்து அதை உள்ளே விட்டால் சில நொடிகளிலேயே நினைவு மங்கத் தொடங்கும். அதை முதலில் அழுத்தியாக வேண்டும். காற்றை அழுத்தும் பெரிய இயந்திரம் ஒன்று விமானத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் ஜெட் எஞ்சின். அதன் முன்பகுதியில் வரிசையாகச் சுழலும் தகடுகள் அடுக்கடுக்காகக் காற்றை இறுக்கிக்கொண்டே போய் எரி அறைக்குள் தள்ளுகின்றன. எரி அறைக்குப் போகும் முன், எரிபொருளோடு கலப்பதற்கு முன்னால், வழியில் ஒரு துளையின் வழியாகக் கொஞ்சம் காற்றைத் திருப்பிவிட்டால் போதும். தொழிலில் இதற்கு 'ப்ளீட் ஏர்' என்று பெயர்.

ஒரு துளை போதுவதில்லை, இரண்டு வேண்டும். நம் ஊர்களுக்கிடையே அதிகம் பறக்கும் போயிங் 737-இன் சிஎஃப்எம்56 எஞ்சினில் 5-ஆம் அடுக்கிலும் 9-ஆம் அடுக்கிலும் துளைகள் இருக்கின்றன. சாதாரணமாகப் பறக்கும்போது 5-ஆம் அடுக்கின் அழுத்தமே போதும். தரையிறங்க எஞ்சினைத் தணித்ததும் அங்கே அழுத்தம் விழுந்துவிடும். அப்போது 9-ஆம் அடுக்கின் வால்வு தானாகத் திறந்துகொள்ளும். எப்போதும் 9-ஆம் அடுக்கிலிருந்தே எடுக்கலாமே என்றால், அவ்வளவு இறுக்கிய காற்றை வீணாக்குவது எரிபொருளை வீணாக்குவதுதான்.

காற்றை இறுக்கினால் சூடேறும். துளையிலிருந்து வரும் காற்று 200 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டிவிடும். இறக்கைக்குள் எரிபொருள் தொட்டிகளை ஒட்டி ஓடும் குழாயில் அதற்கு மேல் சூடான காற்றை அனுப்ப முடியாது. அதனால் எஞ்சினின் அருகிலேயே, முன்விசிறியின் குளிர்ந்த காற்றைக் கொண்டு அதை 200 டிகிரி அளவுக்கு இறக்குகிறார்கள்.

நீண்ட பயண விமானங்களில் அடுத்தபடியாக ஓசோனை அழிக்கும் கருவி வரும். பூமியை ஓசோன் காப்பது உண்மைதான், ஆனால் நுரையீரலுக்குள் போனால் அது எரிச்சலூட்டும் வாயு. துருவத்தை நெருங்க நெருங்க ஓசோன் மிகுந்த அடுக்கு தாழ இறங்கி, விமானங்கள் பறக்கும் உயரத்துக்கே வந்துவிடும். 1970-களின் பிற்பகுதியில் போயிங் 747எஸ்பி விமானங்கள் அந்தப் பக்கமாக மிக உயரத்தில் நெடுந்தூரம் பறக்கத் தொடங்கியபோது, இருமல், நெஞ்செரிச்சல் என்று பயணிகளும் ஊழியர்களும் முறையிட்டார்கள். 1980-இல் ஓசோனுக்கு வரம்பு விதிக்கப்பட்டது: 32,000 அடிக்கு மேல் எந்த நேரத்திலும் பத்து லட்சத்தில் 0.25 பங்கைத் தாண்டக் கூடாது. இப்போது பல்லேடியம் போன்ற உலோகம் பூசிய நுண்ணறைகள் வழியே சூடான காற்றைச் செலுத்துகிறார்கள். ஓசோன் அங்கேயே சாதாரண ஆக்சிஜனாக மாறிவிடுகிறது.

விமானத்தின் வயிற்றில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில், இரண்டு குளிரூட்டும் பொறிகள் இருக்கின்றன. மெக்கானிக்குகள் இவற்றை 'பேக்' என்பார்கள். வீட்டு ஏசியில் இருப்பதுபோல் குளிரூட்டும் வாயு எதுவும் இவற்றில் கிடையாது. காற்றே காற்றைக் குளிர்விக்கிறது. சூடான அழுத்தக் காற்றை முதலில் வெளியிலிருந்து மோதி வரும் குளிர்காற்றால் ஆற்றுகிறார்கள். பிறகு ஒரு சிறு அழுத்தியால் மேலும் இறுக்குகிறார்கள். அது மறுபடி சூடேறும், மறுபடி ஆற்றுகிறார்கள். கடைசியில் ஒரு டர்பைன் வழியே விரிய விடுகிறார்கள். டர்பைனைச் சுழற்றுவதில் காற்று தன் ஆற்றலை இழந்து உறைநிலைக்கும் கீழே போய்விடும். அந்தச் சுழற்சியே முன்னால் சொன்ன அழுத்தியையும் ஓட்டுகிறது. இரண்டும் ஒரே அச்சில் இருக்கின்றன. ஒருமுறை ஆற்றியதை ஏன் மறுபடி சூடாக்கி மறுபடி ஆற்ற வேண்டும் என்று தோன்றும். காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக வெப்பத்தை வெளியே தள்ளிவிட முடியும், எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக விரிந்து குளிரும். அதற்காகத்தான் இந்தச் சுற்று.

தரையில் நிற்கும்போது, அதுவும் சென்னை மாதிரி ஈரம் மிகுந்த ஊரில், விரிவதற்கு முன்பே காற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் டர்பைன் வாயில் பனி கட்டிவிடும். அப்படிப் பிரித்த பிறகும் சில நேரம், குளிர்ந்த காற்று கேபினின் ஈரக் காற்றைத் தொட்டதும் மேல்விளிம்பிலிருந்து வெண்புகை இறங்குவதுபோல் தெரியும். அது வெறும் மூடுபனி. கதவை மூடிச் சிறிது நேரத்தில் காணாமல் போகும்.

பேக்கிலிருந்து வரும் புதுக் காற்று நேராகக் கேபினுக்குப் போவதில்லை. தரைக்குக் கீழே ஒரு கலப்பு அறை இருக்கிறது. கேபினிலிருந்து திரும்பி வரும் காற்றில் ஒரு பகுதியை மின்விசிறிகள் இழுத்து, வடிகட்டி, அங்கே கொண்டு வருகின்றன. பெரும்பாலான விமானங்களில் புதிது பாதி, பழையது பாதி. அங்கிருந்து கேபினின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குழாய் போகிறது. எந்தப் பகுதி குளிர்கிறதோ அதன் குழாயில் மட்டும் சூடான ப்ளீட் காற்று சில துளிபோலச் சேர்க்கப்படும். கழிப்பறை, சமையலிடம் இவற்றின் காற்று கலப்பு அறைக்குத் திரும்புவதே இல்லை, நேராக வெளியேற்றப்படுகிறது. இதை ஏற்பாடு செய்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பழைய 707 காலத்து ஜெட்டுகளில் வெளிக்காற்று மட்டுமே வந்தது. 1970-களில் எண்ணெய் விலை ஏறியதற்குப் பின், 1980-களின் விமானங்களில் இந்தப் பாதிக்குப் பாதி வழக்கமானது. பழைய காற்றைச் சுற்றவிடுவது சிக்கனம்தான், மறைக்க ஒன்றுமில்லை. சுற்றி வரும் அந்தப் பாதி எவ்வளவு சுத்தம் என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதில் இருக்கும் வடிகட்டியின் பெயர் ஹெப்பா. அறுவைச் சிகிச்சை அறைகளிலும் இதே வகையைப் பயன்படுத்துகிறார்கள். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தை இது பிடிக்கும். அதைவிடச் சிறியவை நழுவிவிடுமோ என்று தோன்றும். நழுவாது. 0.3 மைக்ரானைச் சுற்றிய அளவுதான் பிடிக்க மிகக் கடினமானது, அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். பெரிய துகள்கள் காற்று வளையும்போது வளைய முடியாமல் இழைகளில் மோதும். மிகச் சிறியவை காற்றின் மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுத் தாறுமாறாக ஓடி இழையில் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டி பழசானால் சுத்தம் குறைவதில்லை, அதன் வழியே போகும் காற்றின் அளவுதான் குறையும். ஆனால் வாயுக்களையும் வாசனைகளையும் ஹெப்பாவால் பிடிக்க முடியாது. கரியமில வாயு அதன் வழியே தடையின்றித் திரும்பி வரும். அதைக் குறைப்பது புதுக் காற்று ஒன்றுதான்.

காற்று போகும் திசையையும் கவனித்திருக்கிறார்கள். மேல்விளிம்பில் நுழைந்து, இருக்கை வரிசைக்குள்ளேயே சுழன்று, பக்கச் சுவரில் கால்மட்டத்தில் உள்ள கிராதி வழியே கீழே இறங்கும். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு நீளவாக்கில் ஓடுவது குறைவு. புதிதும் வடிகட்டியதும் சேர்ந்து, கேபினின் காற்று மணிக்கு இருபது முப்பது முறை மாறுகிறது.

இத்தனை இருந்தும் தொற்று பரவுவதுண்டு, அதற்கு எல்லை எங்கே என்று காட்டிய நிகழ்வு ஒன்று இருக்கிறது. 2003 மார்ச் 15 அன்று ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் சென்ற ஒரு 737-இல் சார்ஸ் நோயாளி ஒருவர் இருந்தார். பிறகு நேர்காணல் செய்யப்பட்டவர்களில், அவருக்கு முன்னால் இருந்த மூன்று வரிசைகளில் உட்கார்ந்திருந்த 23 பேரில் 8 பேருக்கு நோய் வந்திருந்தது. மற்ற இடங்களில் இருந்த 88 பேரில் 10 பேர். இருமியவரின் வாயிலிருந்து முன்னிருக்கைக்காரரின் மூக்குக்குப் போன துளி கால்மட்டத்துக் கிராதி வரை போகவே இல்லை. வடிகட்டி எவ்வளவு நல்லதானாலும் அதற்கு வந்து சேர்ந்ததைத்தான் அது வடிகட்டும்.

இன்னொன்று 1977-இல் அலாஸ்காவில் நடந்தது. 54 பேர் இருந்த ஒரு ஜெட் விமானம் புறப்பட முயன்றபோது எஞ்சின் பழுதாகி மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது. பெரும்பாலோர் உள்ளேயே காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு இன்ஃப்ளூயன்சா காய்ச்சல். காற்றோட்டம் ஓடவில்லை. 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். உள்ளே அதிக நேரம் இருந்தவர்களே அதிகமாக நோயுற்றார்கள். வானத்தில் பறக்கும் விமானத்தைவிடத் தரையில் காற்றில்லாமல் நிற்கும் விமானம்தான் அஞ்சத்தக்கது. காற்றோட்டமில்லாமல் பயணிகளை அரை மணிக்கு மேல் உள்ளே வைத்திருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

நீண்ட பயணத்தில் உதடு வெடிப்பதற்கும் கண் உறுத்துவதற்கும் காரணம் இதே புதுக் காற்றுதான். மைனஸ் 54 டிகிரிக் காற்றில் நீர் ஏறக்குறைய இல்லை. அதைச் சூடாக்கிக் கேபினுக்குள் விட்டால் ஈரப்பதம் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. ஆனால் அளந்து பார்த்தால் 10 முதல் 20 சதவீதம் இருக்கிறது. அந்த ஈரம் முழுவதும் பயணிகளின் மூச்சும் வியர்வையும். ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பின்பகுதியைவிட, தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும் முதல் வகுப்பில்தான் காற்று அதிகம் வறண்டிருக்கும். காசு கொடுத்தவருக்கு வறட்சி கூடுதல்.

உள்ளே வருவதைச் சொன்னோம், வெளியே போவதையும் சொல்ல வேண்டும். கேபினின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே வரும் காற்றல்ல. பின்பக்க அடிவயிற்றில் உள்ள ஒரு வால்வு. 777-இல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தொட்டியின் அடித்துளையைக் கையால் கூட்டியும் குறைத்தும் நீர்மட்டத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதுபோலத்தான். அந்த மட்டம் 8,000 அடி மலையின் அழுத்தத்துக்குக் கீழே போகக் கூடாது. ஊட்டி நகரத்துக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் அது.

குழாயே திறக்கப்படாவிட்டால்? 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து 166 பயணிகளோடு ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் 737-இல் ப்ளீட் சுவிட்சுகள் போடப்படவில்லை. எஞ்சின்கள் நன்றாக ஓடின, விமானம் நன்றாக ஏறியது, கேபினுக்கு மட்டும் காற்று வரவில்லை. விமானத்தோடு சேர்ந்து கேபினும் மேலே ஏறியது. ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்தன. முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் வந்தது, சிலர் வலியில் துடித்தார்கள். விமானம் மும்பைக்கே திரும்பி இறங்கியது.

எஞ்சினிலிருந்து காற்றெடுப்பதில் இன்னொரு தொல்லை உண்டு, அது எண்ணெய். எஞ்சின் அச்சின் உருளைகளுக்குப் போகும் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் காற்றழுத்தம்தான். தடுப்பு தேய்ந்தாலோ, விசை கூடிக் குறையும்போது அழுத்தம் தடுமாறினாலோ, சிறிது எண்ணெய் ஆவி ப்ளீட் காற்றோடு வந்துவிடும். ஈரம் காயாத சாக்ஸின் நாற்றம் என்று இதைச் சொல்வார்கள். துணை எஞ்சினைப் போடும்போதும், ஏறும்போதும், இறங்கத் தொடங்கும்போதும் அது சட்டென்று வந்து போகும். அந்த எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் டிரைகிரெசில் பாஸ்பேட் நரம்புகளுக்கு ஆகாத பொருள். கேபினுக்குள் வரும் சிறு அளவு நீண்டகாலத்தில் என்ன செய்யும் என்பதில் விமானப் பணியாளர் சங்கங்களும் விமான நிறுவனங்களும் இன்னும் உடன்படவில்லை. பிஏஇ 146 என்ற விமானத்தில் இத்தகைய புகார்கள் குவிந்ததால் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மேலவை விசாரணை நடத்தி 2000-இல் அறிக்கை தந்தது. பெரும்பாலான விமானங்களில் இதைக் கண்டுபிடிக்கும் கருவி கிடையாது. ஊழியர்களின் மூக்குதான் கருவி. நெடி வந்தால் விமானிகள் ஆக்சிஜன் முகமூடியைப் போட்டுக்கொண்டு, முதலில் ஒரு பேக்கையும் பிறகு மற்றதையும் அணைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் வருகிறது என்று கண்டுபிடித்து அதை மூடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டையே கைவிட்டது 2011-இல் சேவைக்கு வந்த போயிங் 787. அதில் இறக்கையடியில் உள்ள தனித் திறப்புகள் வழியே வெளிக்காற்று வருகிறது, மின்மோட்டார்கள் அதை அழுத்துகின்றன. கேபினுக்கு எஞ்சினில் துளை கிடையாது. எரிபொருள் மிச்சமாகும் என்பதுதான் போயிங் சொன்ன முதல் காரணம். எண்ணெய் நெடிக்கு வழியில்லாமல் போனது கூடுதல் ஆதாயம். உடல் கார்பன் இழையால் ஆனதால் அதிக அழுத்தத்தைத் தாங்கும். கேபினும் 6,000 அடி அளவிலேயே நிற்கிறது. ஆனால் அந்த மோட்டார்களை ஓட்டவும், ப்ளீட் காற்று செய்துவந்த மற்ற வேலைகளைப் பார்க்கவும், எஞ்சின்களில் 250 கிலோவோல்ட்-ஆம்பியர் ஜெனரேட்டர்கள் நான்கும் துணை எஞ்சினில் 225 அளவில் இரண்டும் சுமக்க வேண்டியிருக்கிறது. ஒரு பயணிகள் விமானத்துக்கு இது அசாதாரணமான மின்சாரம். அந்த எடையும் சிக்கலும் லாபமா நட்டமா என்பதில் ஏர்பஸ் வேறு முடிவுக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2015-இல் சேவைக்கு வந்த அதன் ஏ350 எஞ்சினிலிருந்தே காற்றை எடுக்கிறது.